31 லட்சம் கோடி எங்கே போயிற்று?
பங்கு விலை எதன் விலை, அது ஏன் பகல் முழுதும் ஆடுகிறது

2024 ஜூன் 4ஆம் நாள் மக்களவைத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை நடந்தது. அன்று மாலையில் தொலைக்காட்சிகளும் மறுநாள் காலையில் நாளேடுகளும் பெரிய எழுத்தில் ஒரு செய்தியைச் சொல்லின: முதலீட்டாளர்களின் 31 லட்சம் கோடி ரூபாய் ஒரே நாளில் 'கரைந்து போயிற்று'. வேறு சில ஏடுகள் 'ஆவியாயிற்று' என்று எழுதின. மும்பைப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களின் 'சந்தை மதிப்பு' ஜூன் 3 மாலையில் ஏறத்தாழ 426 லட்சம் கோடியாக இருந்தது. ஜூன் 4 மாலையில் அது 395 லட்சம் கோடிக்குக் கீழே வந்துவிட்டது. செய்தியில் சொல்லப்பட்ட தொகை இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.

இந்தச் செய்தி மறைமுகமாகச் சொன்ன நீதி எளிது: நீங்கள் ஆளும் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை தரவில்லை, ஆகவே நாட்டின் செல்வம் கரைந்தது. அந்தக் கூற்றைச் சோதிக்க வேண்டுமானால், கரைந்ததாகச் சொல்லப்பட்டது எது என்று முதலில் கேட்க வேண்டும். அன்று எந்த ஆலையும் எரியவில்லை. எந்த வங்கிக் கிளையும் மூடப்படவில்லை. பணத்தைக் கட்டிக்கொண்டு யாரும் நாட்டைவிட்டு ஓடவும் இல்லை. அப்படியானால் கரைந்தது என்ன?

விடை காண ஒரே ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் அறிந்த பாரத ஸ்டேட் வங்கியின் பங்கு அது. ஜூன் 3 மாலையில் அதன் விலை 905 ரூபாய் அளவில் இருந்தது. மறுநாள் மாலையில் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்து 775 ரூபாய் அளவுக்கு வந்தது.

விலையும் மதிப்பும்

இந்தப் பொருளைப் பற்றி எழுதும்போது நம் மொழியில் உள்ள இரண்டு நல்ல சொற்களை நாமே குழப்பிக்கொள்கிறோம். விலை வேறு, மதிப்பு வேறு. ஒரு பொருளை உற்பத்தி செய்யச் சமூகரீதியாகத் தேவைப்படும் உழைப்பைக் கொண்டு அமைவது மதிப்பு. சந்தையில் அதற்குக் கிடைக்கும் பணம் விலை. விலை மதிப்பைச் சுற்றி ஏறும், இறங்கும். அது மதிப்பு ஆகிவிடாது. ஆனால் வணிகப் பக்கங்களில் ஒரு பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி, வரும் தொகைக்குச் 'சந்தை மதிப்பு' என்று பெயரிடுகிறார்கள். இது பெயரிடுவதில் நேர்ந்த சிறு பிழையன்று. 31 லட்சம் கோடி என்ற எண் முழுவதும் இந்தப் பெயரில்தான் நிற்கிறது.

பங்கு என்பது நிறுவனத்தின் கட்டடமோ, இயந்திரமோ, பெட்டகத்தில் உள்ள பணமோ அன்று. பங்கு வைத்திருப்பவர் ஸ்டேட் வங்கிக் கிளைக்குப் போய்த் தம் பங்குக்குரிய மேசையைக் கேட்க முடியாது. அவரிடம் இருப்பது ஓர் உரிமைச் சீட்டு. வருங்காலத்தில் வங்கி ஈட்டும் லாபத்திலிருந்து எவ்வளவு பங்கிடப்படுகிறதோ அதில் தமக்கு ஒரு துண்டு வேண்டும் என்று கேட்கும் உரிமையை அது தருகிறது. பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமையும் சேர்ந்து வருகிறது. அந்த நேரத்தில் வங்கிக்கு ஏறத்தாழ 892 கோடி பங்குகள் இருந்தன. அவற்றில் கிட்டத்தட்ட 57 விழுக்காடு இந்திய அரசின் கையில் இருந்தது.

இந்தச் சீட்டை ஒருவர் மற்றொருவரிடமிருந்து வாங்கும்போது வங்கிக்கு ஒரு காசும் போவதில்லை. வங்கி புதிய பங்குகளை வெளியிடும்போது மட்டுமே பணம் அதனிடம் சேர்கிறது. 2017இல் நிறுவன முதலீட்டாளர்களுக்குப் புதிய பங்குகளை விற்று வங்கி 15,000 கோடி ரூபாய் திரட்டியபோது நடந்தது அது. அதன்பின் அந்தப் பங்குகள் ஆயிரம் கைகள் மாறினாலும் அந்த 15,000 கோடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது கடனாகவும் கருவூலப் பத்திரமாகவும் வங்கியின் தொழிலுக்குள் சுழன்றுகொண்டிருந்தது. வெளியே சீட்டு தன்னிச்சையாக விலை பெற்றுத் திரிந்தது. ஒரே மூலதனம் இரண்டாகத் தோன்றும் இந்த நிலையைத்தான் மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் மூன்றாம் தொகுதியில் ஆராய்கிறார். அதைப் புனைவு மூலதனம் என்கிறோம். இங்கே புனைவு என்றால் பொய் என்று பொருளன்று. சீட்டு உண்மையானது, உரிமை உண்மையானது, அதை விற்றால் கிடைக்கும் பணமும் உண்மையானது. தொழிலுக்குள் இயங்கும் மூலதனத்துக்கு மேல், இன்னொரு மூலதனம் இருப்பது போன்ற தோற்றம் மட்டுமே புனைவு.

905 ரூபாய் எப்படி வந்தது?

ஆண்டுதோறும் வருமானம் தரும் எதற்கும் முதலாளித்துவச் சமுதாயம் ஒரு விலையை எழுதிவிடுகிறது. ஒரு தொகையை வட்டிக்கு விட்டால் எவ்வளவு வருமானம் வருமோ, அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு அந்த விலையை அடைகிறார்கள். ஸ்டேட் வங்கி 2023-24 நிதியாண்டில் ஏறத்தாழ 61,000 கோடி ரூபாய் நிகர லாபம் ஈட்டியது. பங்கு ஒன்றுக்கு 68 ரூபாய் என்று இது ஆகிறது. அதிலிருந்து ஈவுத்தொகையாகப் பங்கு ஒன்றுக்கு 13 ரூபாய் 70 காசு அறிவிக்கப்பட்டது. அப்போது அரசுக் கடன் பத்திரங்கள் ஏறத்தாழ 7 விழுக்காடு வட்டி தந்தன. ஆண்டுக்கு 13.70 ரூபாய் வட்டி கிடைக்க வேண்டுமானால் 7 விழுக்காட்டில் எவ்வளவு போட வேண்டும்? 196 ரூபாய் போட்டால் போதும்.

ஆனால் சந்தையில் விலை 905 ரூபாய். மீதமுள்ள 700 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை எதற்காகத் தரப்படுகிறது? இனி வரும் ஆண்டுகளில் லாபம் வளரும், ஈவுத்தொகையும் அதனோடு வளரும் என்ற எதிர்பார்ப்புக்காகத் தரப்படுகிறது. அதாவது விலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானது இன்னும் நடக்காததன் விலை. இன்னும் செய்யப்படாத உழைப்பிலிருந்து, இன்னும் பிழிந்தெடுக்கப்படாத உபரியின்மீது வைக்கப்பட்ட பந்தயம் என்றும் அதைச் சொல்லலாம்.

எதிர்பார்ப்பு மாறும்போது விலை எவ்வளவு மாறும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. முதலீட்டாளர் தமக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வருவாய் வேண்டும் என்று கேட்கிறார் என்று கொள்வோம். ஈவுத்தொகை ஆண்டுக்கு பத்தரை விழுக்காடு வளரும் என்று நம்புகிறார் என்றும் கொள்வோம். இரண்டுக்கும் இடைவெளி ஒன்றரை விழுக்காடு. 13.70 ரூபாயை அந்த ஒன்றரை விழுக்காட்டால் வகுத்தால் 913 ரூபாய் வருகிறது. இப்போது அவருடைய நம்பிக்கை மிகச் சிறிதளவே குறைகிறது. பத்தரை விழுக்காட்டுக்குப் பதில் பத்தேகால் விழுக்காடுதான் வளரும் என்று எண்ணுகிறார். இடைவெளி ஒன்றேமுக்கால் ஆகிறது. அதே 13.70 ரூபாயை அதனால் வகுத்தால் 783 ரூபாய் வருகிறது. காலே கால் விழுக்காடு ஐயம் வந்ததற்கு விலை 14 விழுக்காடு சரிந்துவிட்டது.

இந்தக் கணக்கை அப்படியே எவரும் திரையின் முன் அமர்ந்து போடுவதில்லை. வளர்ச்சி என்றென்றும் ஒரே வேகத்தில் நடக்கும் என்று அது கொள்வதும் நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் ஓர் உண்மையை அது காட்டிவிடுகிறது. தொலைவான எதிர்காலத்தின்மீது எழுப்பப்பட்ட விலைக்கு அடித்தளம் மெல்லியது. எதிர்காலத்தைப் பற்றிய கருத்தில் மயிரிழை அளவு மாற்றம் வந்தாலும் விலை பெரிதாக ஆடும். தொழிலில் எதுவும் மாறவேண்டியதில்லை.

கடைசி விற்பனையின் விலை

எதிர்பார்ப்பு மனத்தில் இருப்பது. அது எப்படி நொடிக்கு நொடி மாறும் எண்ணாகத் திரையில் வருகிறது? இதற்குச் சந்தையின் பொறியமைப்பைப் பார்க்க வேண்டும்.

பங்குச் சந்தையில் யாரும் உட்கார்ந்து விலையை நிர்ணயிப்பதில்லை. ஒவ்வொரு பங்குக்கும் சந்தையின் கணினியில் ஒரு பதிவேடு இருக்கிறது. வாங்க விரும்புவோர் எந்த விலைக்கு எத்தனை என்று ஒரு பக்கம் பதிவு செய்கிறார்கள். விற்க விரும்புவோர் மறுபக்கம் பதிவு செய்கிறார்கள். வாங்குவோரில் அதிக விலை தருபவர் வரிசையில் முன்னே நிற்பார். விற்போரில் குறைந்த விலை கேட்பவர் முன்னே நிற்பார். ஒரே விலை என்றால் முதலில் வந்தவருக்கு முதலிடம். இரு பக்கமும் ஒரு விலையில் பொருந்தும் கணத்தில் கணினியே விற்பனையை முடித்துவிடுகிறது. அந்த விற்பனையின் விலைதான் அடுத்த விற்பனை நடக்கும்வரை திரையில் 'பங்கின் விலை' என்று காட்டப்படுகிறது. காலை 9 மணிக்குத் தொடங்கும் முன்னமர்வில் ஆணைகளைத் திரட்டித் தொடக்க விலையைக் காண்பார்கள். 2024இல் 9.15 முதல் மாலை 3.30 வரை இந்தப் பொருத்தம் இடைவிடாமல் நடந்தது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கடைசி விற்பனை 830 ரூபாய்க்கு நடந்தது. வாங்குவோர் வரிசையில் ஒருவர் 829.90 ரூபாய்க்கு 400 பங்குகள் கேட்கிறார். அடுத்தவர் 829.50க்கு 600 பங்குகள். அதற்கடுத்து 828க்கு 1,000 பங்குகள். அதன்பின் 825க்கு 2,000 பங்குகள். இப்போது ஒருவர், என்ன விலை வந்தாலும் சரி, 3,000 பங்குகளை உடனே விற்றுவிடு என்று ஆணையிடுகிறார். அவருடைய ஆணை வரிசையில் உள்ளவர்களை ஒவ்வொருவராக விழுங்கிக்கொண்டு இறங்குகிறது. முதல் மூவருக்கு 2,000 பங்குகள் போகின்றன. மீதி 1,000 பங்குகள் 825 ரூபாய்க்கு விற்கின்றன. திரையில் விலை 830இலிருந்து 825 ஆகிவிட்டது.

கைமாறிய பணம் எவ்வளவு? ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய். ஆனால் 'சந்தை மதிப்பு' எவ்வளவு குறைந்தது? ஐந்து ரூபாயை 892 கோடிப் பங்குகளால் பெருக்குங்கள். 4,460 கோடி ரூபாய்! அந்த 892 கோடிப் பங்குகளில் பாதிக்கு மேற்பட்டவை அரசின் பெட்டியில் உறங்குகின்றன. சாதாரண நாளில் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கைமாறுவதில்லை. ஆனாலும் கடைசியாக விற்ற ஆயிரம் பங்குகளின் விலையை, விற்கவே வராத அத்தனை பங்குகளின் நெற்றியிலும் ஒட்டிவிடுகிறார்கள். தெருவில் ஒரு வீடு அவசரத்துக்கு மலிவாக விற்கப்பட்டால், அந்த விலையைத் தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் எழுதி, தெருவுக்கே இத்தனை கோடி நட்டம் என்று பறையறைவதைப் போன்றது இது. முந்தைய நாள் ஏறியபோதும் இதே பெருக்கல்தான் நடந்தது. அன்று 'செல்வம் பெருகியது' என்று எழுதினார்கள். பெருகியதும் பெருக்கலே, கரைந்ததும் பெருக்கலே.

இங்கே பரவலான ஒரு பிழையையும் திருத்திக்கொள்ள வேண்டும். 'விற்பவர்கள் அதிகமாகவும் வாங்குபவர்கள் குறைவாகவும் இருந்ததால் விலை விழுந்தது' என்று சொல்வார்கள். விற்கப்பட்ட ஒவ்வொரு பங்கையும் ஒருவர் வாங்கியிருக்கிறார். வாங்கப்பட்டதும் விற்கப்பட்டதும் எப்போதும் சமமே. வேறுபாடு அவசரத்தில் இருக்கிறது. விற்பவருக்குக் காத்திருக்க நேரமில்லை, வாங்குபவருக்கு இருக்கிறது என்றால் விலை இறங்கும். வாங்குபவருக்கு அவசரம் என்றால் ஏறும். ஸ்டேட் வங்கி போன்ற பெரிய பங்கில் சாதாரண நாளில் ஒவ்வொரு விலைப் படியிலும் ஏராளமான ஆணைகள் அடர்ந்து நிற்கும். 3,000 பங்குகள் அதில் சலனமே உண்டாக்காது. ஆனால் பீதி பிறந்த கணத்தில் வாங்குவோர் தம் ஆணைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அடர்ந்த வரிசை மெலிந்து போகிறது. அப்போது எடுத்துக்காட்டில் கண்ட இறக்கம் உண்மையாகவே நடக்கிறது.

அந்த ஒரு நாள்

ஜூன் 1 மாலையில், கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும் கருத்துக் கணிப்புகள் வெளிவந்தன. ஆளும் கூட்டணி மிகப் பெரும் வெற்றி பெறும் என்று அவை சொல்லின. ஜூன் 3 திங்களன்று சந்தை திறந்ததும் வாங்குவதற்கு அவசரம் பிறந்தது. 30 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைத் தொகுத்துக் காட்டும் சென்செக்ஸ் குறியீடு 2,507 புள்ளிகள் ஏறி 76,468இல் முடிந்தது.

மறுநாள் வாக்கு எண்ணப்பட்டது. ஒவ்வொரு சுற்று முடிவும் வரவர, தனிப் பெரும்பான்மை இல்லை என்பது தெளிவாகிக்கொண்டே வந்தது. பாரதிய ஜனதா கட்சி இறுதியில் 240 இடங்களில் நின்றது. சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 70,234 வரை வீழ்ந்தது. முந்தைய நாள் முடிவிலிருந்து அது 8 விழுக்காட்டுக்கும் அதிகமான சரிவு. குறியீடு 10 விழுக்காடு விழுந்தால் சந்தை முழுவதும் வணிகம் சிறிது நேரம் நிறுத்தப்படும் என்பது விதி. அந்த எல்லையைத் தொடாமலே மீண்டு, 72,079இல் முடிந்தது. மொத்தச் சரிவு 4,389 புள்ளிகள், அதாவது 5.74 விழுக்காடு.

செய்தி ஒன்று வந்ததும் அதை அளவிட்டு விலை ஒரே தாவலில் புதிய இடத்துக்குப் போய் அமைதியாக உட்கார்ந்திருக்கலாமே! ஏன் அத்தனை ஆழம் போய்த் திரும்பி வந்தது? இதற்குக் காரணம், விற்றவர்களில் ஒரு பகுதியினர் கருத்து மாறியதால் விற்றவர்கள் அல்லர். விற்க வைக்கப்பட்டவர்கள்.

ஒரே நாளுக்குள் வாங்கி விற்பவர் கையில் ஒரு லட்சம் ரூபாய் இருந்தால், தரகு நிறுவனத்தின் வழியாக ஐந்து லட்சம் ரூபாய்ப் பங்குகள்வரை வாங்கலாம். அவர் போடும் ஒரு லட்சத்துக்கு 'மார்ஜின்' என்று பெயர். விலை 5 விழுக்காடு இறங்கினால் அவருக்கு நட்டம் 25,000 ரூபாய். 14 விழுக்காடு இறங்கினால் 70,000 ரூபாய். இறக்கம் தொடரும்போது தரகு நிறுவனம் மேலும் பணம் கேட்கும். தராவிட்டால் அவருடைய பங்குகளைத் தானே விற்றுவிடும். பிற்பகல் 3 மணியைத் தாண்டியதும் முடிக்கப்படாத கணக்குகளை எப்படியும் விற்றுத் தீர்க்கும். இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு என்று முன்கூட்டியே போட்டுவைத்த 'ஸ்டாப் லாஸ்' ஆணைகளும் வரிசையாகத் தூண்டப்படும். இவர்கள் விற்பதால் விலை மேலும் இறங்கும். அது அடுத்த படியில் நிற்பவரின் எல்லையைத் தொடும். அவரும் விற்பார். இறக்கமே இறக்கத்துக்குக் காரணமாகும் நிலை இது. ஒரு நாளுக்குள் நடக்கும் பெரிய அசைவுகளில் செய்தி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. புதிய செய்தி எதுவும் வராத நேரத்திலும் சரிவு விரைவுபட்டு, பிறகு காரணமின்றித் தானே பாதி மீண்டால், அங்கே கடன்பட்டவர்களின் கணக்குகள் தீர்க்கப்பட்டிருக்கின்றன என்று அறியலாம்.

அன்று அந்நிய நிறுவன முதலீட்டாளர்கள் வாங்கியதைக் கழித்து ஏறத்தாழ 12,400 கோடி ரூபாய்க்குப் பங்குகளை விற்றார்கள். உள்நாட்டு நிறுவனங்கள் ஏறத்தாழ 3,300 கோடிக்கு விற்றன. இரண்டும் சேர்ந்து 16,000 கோடிக்கும் குறைவு. 31 லட்சம் கோடியில் அது இருநூற்றில் ஒரு பங்கு. இருநூறில் ஒன்றாகக் கைமாறிய பணம், இருநூறையும் புரட்டிப்போட்டது போன்ற தோற்றத்தைத் தந்தது.

அடுத்த மூன்று நாள்களில் என்ன நடந்தது? ஜூன் 5 அன்று கூட்டணிக் கட்சிகள் ஆதரவை உறுதி செய்தன. பழைய ஆட்சியே தொடரும் என்றாயிற்று. ஜூன் 7 மாலையில் சென்செக்ஸ் 76,693இல் முடிந்தது. சரிவுக்கு முந்தைய நாளைவிடவும் உயரம். 31 லட்சம் கோடி ஆவியானது என்று எழுதியவர்களில் எத்தனை பேர், அந்த ஆவி மூன்றே நாளில் மழையாகப் பெய்தது எப்படி என்று விளக்கினார்கள்?

யாருக்கு நட்டம்?

ஆகவே யாருக்கும் நட்டம் இல்லை என்று முடிவுகட்டுவது இன்னொரு பிழையாகும். பங்கை விற்காமல் வைத்திருந்தவருக்கு நான்கு நாளில் எதுவும் ஆகவில்லை. ஆனால் திங்களன்று ஏறிய விலையில் வாங்கிச் செவ்வாயன்று விற்கவேண்டி வந்தவரின் பணம் உண்மையாகவே போயிற்று. அது ஆவியாகவில்லை. திங்களன்று அவருக்கு விற்றவரிடமும், செவ்வாயன்று அவரிடமிருந்து மலிவாக வாங்கியவரிடமும் அது இருக்கிறது. காத்திருக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இடையே நடந்த கைமாற்றம் அது. காத்திருக்கும் ஆற்றல் பெரிய மூலதனத்துக்கு உண்டு. கடன் வாங்கி ஐந்து மடங்கு பந்தயம் வைத்த இளைஞனுக்கு இல்லை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியே 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23ஆம் ஆண்டில் ஒரே நாளுக்குள் வாங்கி விற்ற தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நட்டமடைந்தார்கள்.

இரண்டாவதாக, சந்தைக்குள் தாமாக வராதவர்களும் இழுத்துவரப்பட்டிருக்கிறார்கள். 2004 ஜனவரிக்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் புதிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. முந்தைய ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டது. புதியதில் சேர்ந்த தொகையைச் சந்தை முடிவு செய்கிறது. மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 2024இல், ஊழியர் வேறு தேர்வு செய்யாவிட்டால் அந்த நிதியில் பங்குகளில் போடப்பட்டது 15 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. அந்த அளவில், 50 லட்சம் ரூபாய் சேர்த்திருப்பவருக்கு, ஜூன் 4 போன்ற ஒரு நாள் ஏறத்தாழ 43,000 ரூபாயைக் குறைத்துக் காட்டும். வாழ்வே அழிந்துவிடும் தொகை அன்று அது. பணம் எடுப்பதைத் தள்ளிப்போடவும் வழியுண்டு. ஆனால் கேள்வி தொகையைப் பற்றியது மட்டும் அன்று. முப்பது ஆண்டு உழைத்தவரின் முதுமை, அவர் பணிமூப்பு அடையும் வாரத்தில் யாருக்கு அவசரம் வந்தது என்பதைப் பொறுத்திருக்கலாமா என்பதே கேள்வி. உறுதியான ஓய்வூதியம் கேட்டு ஊழியர் சங்கங்கள் தொடர்ந்து போராடியதற்கு இந்தக் கேள்வியே அடிப்படை.

சந்தை எதை அளக்கிறது?

இப்போது தொடக்கத்தில் கண்ட நீதிக்குத் திரும்பலாம். பங்கு விலை பொருளற்ற எண் என்று நாம் சொல்லவில்லை. அது ஒன்றை அளக்கத்தான் செய்கிறது. வருங்கால உபரியில் பங்கு கேட்கும் உரிமைச் சீட்டுகளை வைத்திருப்போர், தம் பங்கு கூடும் என்று நம்புகிறார்களா, குறையும் என்று அஞ்சுகிறார்களா என்பதை அது அளக்கிறது. ஜூன் 4 அன்று வங்கி, மின்சாரம், நிலக்கரி, எண்ணெய் ஆகிய துறைகளைச் சேர்ந்த பொதுத்துறைப் பங்குகள் மிக ஆழமாக வீழ்ந்தன. ஸ்டேட் வங்கி, என்.டி.பி.சி., ஓ.என்.ஜி.சி., கோல் இந்தியா ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. அந்நிறுவனங்களின் தொழிலாளர்கள் மறுநாளும் அதே சுரங்கத்தில் இறங்கினார்கள், அதே மின் நிலையத்தை இயக்கினார்கள். மாறியது ஒன்றுதான். அரசு இதுவரை சென்ற பாதையில் தடையின்றிச் செல்லுமா என்பதில் சீட்டு வைத்திருப்போருக்கு ஓர் ஐயம் எழுந்தது.

அந்த ஐயத்துக்கான காரணத்தையும் கவனியுங்கள். கூட்டணி ஆட்சி என்றால் நலத் திட்டங்களுக்குச் செலவு கூடலாம், தனியார்மயம் தாமதப்படலாம் என்று அன்று சந்தை ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். அதாவது கிராமப்புற வேலைக்குக் கூடுதல் கூலி கிடைக்கலாம், பொதுச் சொத்து விற்கப்படாமல் போகலாம் என்ற வாய்ப்பே விலைச் சரிவாகத் திரையில் தோன்றியது. உழைப்பவர் பக்கம் சிறிதளவு சாயக்கூடும் என்ற நிழல் விழுந்தாலே சீட்டின் விலை இறங்குகிறது என்றால், அந்த இறக்கத்தை நாட்டின் நட்டம் என்று பெயரிடுவது யாருடைய கணக்குப் புத்தகத்திலிருந்து வாசிப்பது?

அடுத்த முறை 'சந்தை அஞ்சுகிறது, ஆகவே இந்தக் கோரிக்கை வேண்டாம்' என்று சொல்லப்படும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கைமாறிய பணம் எவ்வளவு, பெருக்கிக் காட்டப்படும் தொகை எவ்வளவு? விற்றவர்களில் கருத்து மாறி விற்றவர் யார், கடனுக்காக விற்க வைக்கப்பட்டவர் யார்? எதிர்காலத்தில் யாருடைய பங்கு குறையும் என்று அந்த விலை அஞ்சுகிறது? மூன்றாவது கேள்விக்கு விடை கண்டுவிட்டால், சிவப்பு எழுத்தில் ஓடும் அந்த எண்ணைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமா, கூலியைக் கூடுதலாகக் கேட்க வேண்டுமா என்பதும் விளங்கிவிடும்.